உள்ளே ஒரு கூரை, வெளியே ஒரு கூரை: ஹுமாயூன் கல்லறையை எப்படிப் படிப்பது?

(பேசியது பேசியபடியே இல்லாமல், வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். டெல்லியில ஹுமாயூன் கல்லறைக்குப் போயிருக்கீங்களா? போகலைன்னாலும் பரவாயில்ல, படம் பார்த்திருப்பீங்க. சிவப்புக் கல் கட்டடம், மேல வெள்ளைப் பளிங்கில் பெரிய குவிமாடம். தூரத்திலிருந்து பார்த்தா அந்தக் குவிமாடம்தான் மொத்தக் கட்டடத்தையும் ஆளுது.

இப்ப உள்ளே போய், நடு மண்டபத்தில் நின்னு அண்ணாந்து பாருங்க. மேலே ஒரு குவிமாடம் இருக்கு, உயரமாத்தான் இருக்கு. ஆனா வெளியே பார்த்த உயரம் அங்கே இல்ல. மீதி உயரம் எங்கே போச்சு?

நான் முதல் தடவை போனப்போ இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவைதான் மண்டைக்குள்ள மணி அடிச்சது. அங்கே இருப்பது ஒரு கூரை இல்ல, ரெண்டு கூரை. உள்ளே நிக்கிறவங்களுக்கு ஒண்ணு, தூரத்திலிருந்து வர்றவங்களுக்கு ஒண்ணு. நடுவில் இருட்டான ஒரு வெற்றிடம். இதைத்தான் இரட்டைக் குவிமாடம்னு சொல்றாங்க.

இன்னைக்கு இந்த ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துக்குவோம். குவிமாடம், தோட்டம், தண்ணி, கடைசியா இதுக்கெல்லாம் என்ன அர்த்தம். அர்த்தத்தைக் கடைசியில் வச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது பின்னாடி.

யார் கட்டினது?

ஹுமாயூன் இறந்தது 1556 ஜனவரியில். டெல்லி புராணா கிலாவில் நூலகமா இருந்த கட்டடத்தின் படிக்கட்டிலிருந்து விழுந்து. கல்லறை வேலை 1560களில் ஆரம்பிச்சு, 1570களின் தொடக்கத்தில் முடிஞ்சது. அவருடைய மனைவி ஹாஜி பேகம்தான் இதைக் கட்ட வச்சாங்கன்னு வழக்கமா சொல்வாங்க. மகன் அக்பர் அப்ப ஆட்சியில் இருந்ததால, அரசாங்கப் பணமும் ஆதரவும் இல்லாம இது நடந்திருக்காதுன்னு ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்றாங்க.

கட்டடக் கலைஞர் பேர் மீரக் மிர்சா கியாஸ். இன்னைய ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கம், ஹெராத், புகாராவில் வேலை பார்த்தவர். வேலை முடியறதுக்கு முன்னாடியே அவர் இறந்துட்டார். மகன் சையது முகமது முடிச்சு வச்சார்.

அந்த ஊர்ப் பேர்கள் முக்கியம். ஹுமாயூன் தைமூர் வம்சம். தைமூர் புதைக்கப்பட்டிருக்கிற சமர்கண்டில் 1400களின் தொடக்கத்திலேயே இரட்டைக் குவிமாடம் இருக்கு. அதனால டெல்லியில் அந்த வடிவத்தைத் தூக்கி நிறுத்தும்போது, "நாங்க யார் வீட்டுப் பிள்ளைங்க தெரியுமா?" அப்படிங்கிற அறிவிப்பும் அதில் சேர்ந்தே இருக்கு. ஷேர் ஷாவிடம் ஆட்சியை இழந்து, பாரசீகம் வரைக்கும் ஓடி, 15 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தவர் ஹுமாயூன். வந்து ஒரு வருஷத்துக்குள்ள இறந்தும் போயிட்டார். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அந்த அறிவிப்பு தேவைப்பட்டது.

ஒரு திருத்தம் சொல்லிடறேன். "இந்தியாவின் முதல் இரட்டைக் குவிமாடம்"னு இதைச் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. டெல்லியிலேயே, லோதி தோட்டத்தில் இருக்கிற சிக்கந்தர் லோதி கல்லறையில் அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே இரட்டைக் குவிமாடம் இருக்கு. இவ்வளவு பெரிசா, வெளியே இவ்வளவு உயர்த்திக் கட்டினதுதான் இங்கே புதுசு.

எதுக்கு ரெண்டு கூரை?

ஒரே ஒரு குவிமாடம் போட்டா என்ன ஆகும்? ரெண்டே வழிதான். முதல் வழி, உள் மண்டபத்துக்குப் பொருத்தமான உயரத்தில் போடறது. உள்ளே நல்லா இருக்கும். ஆனா வெளியே வந்தா, நாலு பக்கமும் இருக்கிற பெரிய வளைவு முகப்புகளுக்குப் பின்னாடி அது பாதி மறைஞ்சிடும். இன்னொரு வழி, வெளியே கம்பீரமாத் தெரியற உயரத்தில் போடறது. அப்ப உள்ளே நிக்கிறவருக்கு அது கிணத்துக்குள்ள நின்னு மேலே பார்க்கிற மாதிரி ஆயிடும். வெளிச்சமும் மேலே எட்டாது.

ரெண்டையும் பிரிச்சிட்டா பிரச்சினை தீர்ந்தது. உள் கூரை அறையின் அளவைக் கேட்கும். வெளிக் கூரை தோட்டத்தின் அளவைக் கேட்கும். அதுக்கு ஒரு துணை லாபமும் உண்டு. வெயிலையும் மழையையும் வெளிக் கூரை வாங்கிக்கும். நடுவில் இருக்கிற காத்து, ஒரு தடுப்பு மாதிரி நிக்கும்.

சரி, இது எப்படி விழாம நிக்குது? வீட்ல ஒரு ஆரஞ்சை ரெண்டா வெட்டி, சுளையை எடுத்துட்டு, தோலைக் கவிழ்த்து வைங்க. மேலே விரலால் அமுக்குங்க. விளிம்பு வெளியே விரியும். ரொம்ப அமுக்கினா விளிம்பிலிருந்து மேல்நோக்கிக் கிழியும். கல், செங்கல், சுண்ணாம்புக் குவிமாடம் எல்லாத்துக்கும் இதே நோய்தான். தன் எடையாலேயே அடிப்பக்கம் வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தை நல்லா தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால பழைய குவிமாடத்தில் அடியிலிருந்து செங்குத்தா மேலே ஓடற விரிசல் தெரிஞ்சா, அடி விரியுதுன்னு சந்தேகப்படணும்.

ஹுமாயூன் கல்லறையில் இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு, வெளிக் குவிமாடம் ஒரு தடிமனான வட்டச் சுவர் மேல உட்கார்ந்திருக்கு. மத்தளம் மாதிரி இருக்கிற அந்தச் சுவர்தான் குவிமாடத்தை மேலே தூக்கிக் காட்டுது, விரியற விளிம்பையும் பிடிச்சுக்குது. ரெண்டாவது பதில், கட்டடத்தின் வரைபடத்திலேயே இருக்கு.

எட்டு அறைகள், ஒரு நடு

மேலிருந்து பார்க்கிற மாதிரி கற்பனை பண்ணிக்குங்க. நடுவில் எண்கோண மண்டபம். நாலு மூலையிலும் நாலு எண்கோண அறைத்தொகுதிகள். நாலு பக்கமும் நாலு வளைவு முகப்புகள். நாலும் நாலும் எட்டு, நடு ஒண்ணு. பாரசீகத்தில் இந்த வகை வரைபடத்துக்கு ஹஷ்ட் பிஹிஷ்த்னு பேர். எட்டு சொர்க்கங்கள்னு அர்த்தம்.

பேர் ஆன்மிகம். வேலை என்னன்னா, முட்டுக் கொடுக்கிறது. நடுவில் உயரமா நிக்கிற மண்டபத்தை மூலைத் தொகுதிகள் நாலு பக்கமும் தோள் கொடுத்துத் தாங்குது. ஒரே சதுர அறை மேல இந்த எடையை ஏத்தணும்னா சுவர் பயங்கரமாத் தடிக்கணும். இங்கே அந்தத் தடிமனையே அறைகளா மாத்திட்டாங்க. அந்த அறைகளில் பிற்காலத்தில் முகலாயக் குடும்பத்தினர் பலரைப் புதைச்சாங்க. ஒரே வடிவம் சொர்க்கத்தின் எண்ணிக்கையையும் சொல்லுது, பாரத்தையும் தாங்குது.

இன்னொரு விஷயம். நடு மண்டபத்தில் நீங்க பார்க்கிற பளிங்குக் கல்லறை உண்மையான கல்லறை இல்ல, அடையாளக் கல்தான். ஹுமாயூன் இருப்பது அதுக்கு நேர் கீழே, சுமார் 7 மீட்டர் உயர மேடைக்கு அடியில் இருக்கிற அறையில். கூரை ரெண்டு மாதிரி, கல்லறையும் ரெண்டு. மேலே பார்வைக்கு ஒண்ணு, கீழே உண்மைக்கு ஒண்ணு.

மட்டமான தரையில் தண்ணி எப்படி ஓடும்?

இப்ப தோட்டத்துக்கு வருவோம். என் கட்சியில, இந்த இடத்தோட உண்மையான தொழில்நுட்பச் சாதனை குவிமாடம் இல்ல, தோட்டம்.

சுமார் 30 ஏக்கர். ஏறக்குறைய சதுரம். அகலமான நடைபாதைகளும் அதன் நடுவில் ஓடற வாய்க்கால்களும் அதை நாலாப் பிரிக்குது. இதுக்குத்தான் சார்பாக்னு பேர். சார்னா நாலு, பாக்னா தோட்டம். ஒவ்வொரு கால் பகுதியும் மறுபடி ஒன்பது கட்டங்களாப் பிரியும். மொத்தம் 36 கட்டம். நடுவில் இருக்கிற நாலு கட்டத்தைக் கல்லறை எடுத்துக்கும், மீதி 32.

இந்த வாய்க்கால்களை நேரில் பார்த்தா கொஞ்சம் ஏமாற்றமா இருக்கும். குறுகலா, ஆழமே இல்லாம, பாதையின் கல்லில் கீறின கோடு மாதிரி இருக்கும். "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு தோணும். அங்கேதான் விஷயமே.

பாபர் காபூல்ல தோட்டம் போட்டப்போ மலைச்சரிவு இருந்தது, ஊற்று இருந்தது. தண்ணி தானா இறங்கும். இந்தியாவுக்கு வந்ததும் அவர் எழுதின பெரிய புலம்பலே, இங்கே தோட்டங்களில் ஓடற தண்ணி இல்லைங்கிறதுதான். காரணம் எளிசு. டெல்லி, ஆக்ரா எல்லாம் யமுனைக் கரையோர மட்டத்தரை. சரிவு இல்லாம ஓட்டம் இல்ல. அதனால கிணத்திலிருந்து தண்ணியை உயரமான தொட்டிக்கு இறைச்சு, அங்கிருந்து புவியீர்ப்பால் இறக்கணும். பம்பு கிடையாது, அதனால இறைச்சுக் கொடுத்த உயரத்தை வீணாக்க முடியாது.

ஹுமாயூன் கல்லறை வாய்க்கால்களின் சரிவு எவ்வளவு தெரியுமா? 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். நம்ம கணக்குக்கு வச்சுப் பாருங்க. 30 ஏக்கரைச் சதுரமா எடுத்தா ஒரு பக்கம் கிட்டத்தட்ட 350 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் 9 சென்டிமீட்டருக்குள்ள. உங்க உள்ளங்கை அகலம். வீட்டு மொட்டை மாடியில் மழைத்தண்ணி ஓட கொத்தனார் இதைவிடப் பல மடங்கு சரிவு கொடுப்பார், அப்பவும் ஒரு மூலையில் தேங்கும்.

சரிவு இதைவிடக் கொஞ்சம் அதிகமானா தண்ணி வேகமா ஓடி ஒரு பக்கம் வழியும், இன்னொரு பக்கம் காயும். குறைஞ்சா தேங்கிப் பாசி பிடிக்கும். ஒரு கல் அரை சென்டிமீட்டர் அமுங்கினாலே, 20 மீட்டர் தூரத்து இறக்கத்தை அது சாப்பிட்டுடும். அதனால இந்தத் தோட்டம் கெட்டுப்போச்சான்னு தெரிஞ்சுக்க நிபுணர் வேண்டாம். தண்ணியை விட்டுப் பாருங்க. அதுவே சொல்லிடும்.

கெட்டுப்போன கதை

கெட்டுத்தான் போச்சு. முகலாய ஆட்சி தேய்ஞ்சப்புறம் பராமரிக்கப் பணம் இல்ல. தோட்டத்தில் காய்கறி போட்டாங்க. 1857 செப்டம்பர்ல, கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் ஒளிஞ்சிருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டது இதே இடத்தில்தான். அதுக்கப்புறம் ஆங்கிலேயர்கள் தங்களுக்குப் பிடிச்ச பாணியில் தோட்டத்தை மாத்தினாங்க. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சன் பிரபு காலத்தில் பழைய கட்டங்களை மீட்டெடுத்தாங்க. 1947 பிரிவினையில் இது அகதி முகாம். வீட்டை இழந்து வந்த மக்கள் இந்தக் கட்டங்களில் கூடாரம் போட்டு இருந்தாங்க. இதைக் "கெட்டுப்போன" பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு வரல. சொர்க்கத்தின் சாயல்னு சொல்ற ஒரு தோட்டம், போக்கிடம் இல்லாதவங்களுக்கு இடம் கொடுத்தது அப்ப மட்டும்தான்.

1997-லிருந்து 2003 வரை ஆகா கான் அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து தோட்டத்தைச் சீரமைச்சாங்க. 3 கிலோமீட்டருக்கு மேல வாய்க்காலை மறுபடி சரிவு பார்த்துப் பதிச்சாங்க. புல்தரை காலப்போக்கில் மேலே ஏறிப் பாதைக்குச் சமமா வந்திருந்தது. லாரி லாரியா மண்ணை எடுத்து அதை இறக்கினாங்க. ஏன்னா சார்பாக்கில் பாதை உயரமாவும் பாத்தி தாழ்வாவும் இருக்கணும். அப்பத்தான் தண்ணி பாத்திக்குள்ள இறங்கும். நம்ம வயல்ல வரப்பு மேல நடக்கிறோம் இல்லையா, அதே தர்க்கம். மழைநீரை நிலத்துக்குள்ள இறக்க 128 குழிகளும் வெட்டினாங்க.

கட்டடத்துக்கும் ஒரு நோய் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஒழுகல் அடைக்கிறோம்னு கூரை மேல சிமென்ட் கான்கிரீட் போட்டுட்டே வந்திருக்காங்க, அடுக்கு மேல அடுக்கா. பின்னால் நடந்த சீரமைப்பில் அங்கிருந்து எடுத்த கான்கிரீட் சுமார் 10 லட்சம் கிலோ. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் மூடி போட்டுடும், ஈரம் கீழேயே மாட்டிக்கும். அதோட அந்த எடை. ஆரஞ்சுத் தோலை ஞாபகம் வச்சுக்கோங்க. சரி பண்றேன்னு போய், தள்ளுற பாரத்தையே கூட்டி வச்சிருந்தோம்.

இப்ப அர்த்தத்துக்கு வருவோம்

அர்த்தத்தை ஏன் கடைசியில் வச்சேன்னா, பெரும்பாலும் நாம அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம். "நாலு வாய்க்கால்னா சொர்க்கத்தின் நாலு நதிகள். தண்ணி, பால், மது, தேன்." கைடு சொல்வார், போர்டில் இருக்கும், நாமும் தலையாட்டுவோம். இது தப்பில்ல. ஆனா இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம்னு பிரிச்சுப் பார்க்கணும்.

தோட்டத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு கல் வாய்க்கால் விடற பழக்கம் இஸ்லாத்துக்கு ரொம்ப முன்னாடியே பாரசீகத்தில் இருக்கு. பாபர் போட்ட தோட்டங்கள் விருந்துக்கும் கவிதைக்கும் கூடாரம் போடறதுக்கும். கல்லறைக்காகப் போட்டது இல்ல. அதனால நாலு பகுதின்னாலே சொர்க்கம்னு சொல்லிட முடியாது. வடிவம் பழசு. அதன் நடுவில் கல்லறையை வச்சப்போதான் அதுக்கு வேற அர்த்தம் ஏறுது.

ஹுமாயூன் கல்லறையில் அதுக்குச் சாட்சி கட்டடத்தின் நடத்தைதான். வாய்க்கால் கல்லறை மேடைக்கு நேரா வந்து, அடியில் மறையற மாதிரி மறைஞ்சு, அந்தப் பக்கம் அதே நேர்க்கோட்டில் மறுபடி வரும். தோட்டங்களுக்குக் கீழே நதிகள் ஓடும்னு குர்ஆன் சொர்க்கத்தை வர்ணிக்குது. தெரிஞ்சவருக்கு அந்தக் காட்சி போதும், எழுத்து வேண்டாம்.

எழுத்து வேண்டாம்னு சொன்னதுக்கு இன்னொரு சாட்சி மேற்குப் பக்கத்துப் பளிங்கு ஜாலி. மெக்காவின் திசை அது. அங்கே தொழுகை மாடத்தின் உருவம் வெறும் கோட்டு வடிவமா மட்டும் இருக்கு. வழக்கமா மாடத்தில் ஒளியைப் பற்றிய வசனத்தைப் பொறிப்பாங்க. இங்கே வசனம் இல்ல. ஜாலி வழியா ஒளியே வருது.

இதைத் தாஜ்மஹலோட வச்சுப் பாருங்க. 1632-ல் ஆரம்பிச்ச தாஜ்மஹலில் எழுத்து நிறைய. நுழைவாயிலிலேயே சொர்க்கத்துக்குள் அழைக்கிற வசனம் இருக்கு. அங்கே அர்த்தம் கல்லில் எழுதியிருக்கு, நாம ஊகிக்க வேண்டியதில்ல. ஆனா அங்கே ஒரு முரண். கல்லறை தோட்டத்தின் நடுவில் இல்ல, ஆற்றங்கரை ஓரத்தில் இருக்கு. நடுவில் இருப்பது ஒரு பளிங்குத் தொட்டி. "கருப்பு தாஜ்மஹல்" கதை தெரியுமில்ல? ஆற்றின் அந்தப் பக்கம் அதுக்கு அடித்தளம் போட்டாங்கன்னு சொல்வாங்களே, அங்கே 1990களில் தோண்டிப் பார்த்தாங்க. கிடைச்சது கல்லறை அடித்தளம் இல்ல. மெஹ்தாப் பாக்ங்கிற தோட்டமும், அதில் ஒரு பெரிய எண்கோணக் குளமும். தாஜ்மஹல் அந்தக் குளத்தில் பிரதிபலிக்கும். இரண்டு தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தா கல்லறை மறுபடி நடுவுக்கு வந்துடுது. யமுனையே குறுக்கு வாய்க்காலா ஆயிடுது.

அதனால என்னோட முறை இதுதான். முதல்ல வேலை என்னன்னு கேளுங்க: எடை எங்கே போகுது, தண்ணி எங்கிருந்து வருது. அடுத்து, வேலைக்குத் தேவைப்படாத எதையாவது செஞ்சிருக்காங்களான்னு பாருங்க. பாசனத்துக்கு வாய்க்கால் கல்லறைக்கு நேரா வந்து மறைஞ்சு மறுபடி எழ வேண்டிய அவசியமே இல்ல. சுத்திப் போயிருக்கலாம், அது சுலபமும் கூட. தேவையில்லாத அந்த இடத்தில்தான் அர்த்தம் பேச ஆரம்பிக்குது.

அடுத்த தடவை போனீங்கன்னா மேற்கு வாசலில் நுழைஞ்சதும் குவிமாடத்தைப் போட்டோ எடுத்துக்கோங்க, தப்பே இல்ல. அப்புறம் குனிஞ்சு வாய்க்காலைப் பாருங்க. தண்ணி இருந்தா ஒரு காஞ்ச இலையைப் போட்டு, அது எந்தப் பக்கம் நகருதுன்னு கொஞ்ச நேரம் நில்லுங்க. ரொம்ப மெதுவாத்தான் நகரும். 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். அப்புறமா உள்ளே போய் அண்ணாந்து பாருங்க. மீதி உயரம் எங்கே போச்சுன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.